பேட்ச், ஜோன், வேவ்: வளரும் ஆன்லைன் கிடங்குக்கு எது, எப்போது?

ஆன்லைன் ஆர்டர்களை அனுப்பும் கிடங்கில் ஆர்டர் எண்ணிக்கை ஏற ஏற, முதலில் திணறுவது பிக்கிங் வேலைதான். பிக்கிங் என்றால் ரேக்கிலிருந்து பொருளை எடுத்து பேக்கிங் மேசைக்குக் கொண்டுவருவது. ஒரு நாளைக்கு 50 ஆர்டர் இருக்கும்போது ஒருவர் ஒரு ஆர்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பொருளை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டருக்குப் போகலாம். அதில் ஒரு தவறும் இல்லை. 300 ஆர்டரைத் தொடும்போது அதே முறையில் ஆட்கள் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள், ஆனால் மேசைக்குப் பொருள் வந்து சேராது. அந்தக் கட்டத்தில்தான் பேட்ச் பிக்கிங், ஜோன் பிக்கிங், வேவ் பிக்கிங் என்ற மூன்று பெயர்களும் காதில் விழத் தொடங்கும்.

இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து "எது சிறந்தது" என்று கேட்பவர்கள் அதிகம். அந்தக் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. ஒரு நடையில் எத்தனை ஆர்டரைச் சேர்த்து எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது பேட்ச். கிடங்கின் எந்தப் பகுதியில் யார் எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது ஜோன். எந்த ஆர்டர்களை எந்த நேரத்தில் வேலைக்கு விடுவது என்பதைத் தீர்மானிப்பது வேவ். ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒரே கிடங்கில் மூன்றும் ஒன்றாகவே ஓடலாம். வளரும் கிடங்குக்கு உண்மையான கேள்வி, எதை முதலில் கொண்டுவருவது, அடுத்ததை எப்போது சேர்ப்பது என்பதுதான். பெரும்பாலான கிடங்குகளுக்குப் பொருந்தும் வரிசை: முதலில் பேட்ச், பிறகு வேவ், கடைசியில் ஜோன். ஏன் என்பதை ஒரு மாதிரிக் கிடங்கை வைத்துக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கணக்குக்கு ஒரு கிடங்கு

ரேக்குகளுக்கு நடுவே 8 சந்துகள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம். ஒரு பக்கத்தில் பேக்கிங் மேசைகள். ஒரு நாளைக்கு 320 ஆர்டர். அவற்றில் 176 ஆர்டர்களில் ஒரே ஒரு பொருள்தான், அதுவும் ஒன்றே ஒன்று. மீதி 144 ஆர்டர்களில் சராசரியாக 3 வகைப் பொருள்கள். ஆர்டரில் ஒரு வகைப் பொருளை ஒரு வரி என்று கணக்கிட்டால், மொத்தம் 608 வரிகள்.

ஒவ்வொரு ஆர்டராக எடுக்கும் முறையில், ஒற்றைப் பொருள் ஆர்டருக்குப் போய்வர 80 மீட்டர், மூன்று வரி ஆர்டருக்கு 120 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்வோம். டிராலியுடன் நடப்பவரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர். ரேக்கின் முன் நின்று இடத்தைப் பார்த்து, எடுத்து, ஸ்கேன் செய்ய வரிக்கு 12 நொடி. ஆர்டர் சீட்டை எடுப்பது, பொருளை மேசையில் வைப்பது ஆகியவற்றுக்கு ஆர்டருக்கு 20 நொடி. கூட்டிப் பார்த்தால் நடைக்கு 31,360 நொடி, எடுப்பதற்கு 7,296 நொடி, சீட்டு வேலைக்கு 6,400 நொடி. மொத்தம் சுமார் 12 மணி 30 நிமிடம். அதில் கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிடம் வெறும் நடை. பொருளை எடுக்கும் வேகத்தைக் கூட்டச் சொல்லி ஆட்களை விரட்டுவதால் பயன் ஏதும் வராது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 12 நொடியை 10 ஆக்கினால் நாளுக்கு 20 நிமிடம் மிஞ்சும், அவ்வளவுதான். குறைக்க வேண்டியது நடையை.

பேட்ச்: ஒரே நடையில் பல ஆர்டர்

பேட்ச் பிக்கிங்கில் ஒருவர் பல ஆர்டர்களை ஒன்றாக எடுத்துக்கொண்டு ஒரே சுற்றில் முடிப்பார். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்துக் கையாள்வதில்தான் லாபம்.

முதல் வகை ஒற்றைப் பொருள் ஆர்டர்களுக்கு. 176 ஆர்டர்களை 44 ஆர்டர் கொண்ட 4 தொகுதிகளாகப் பிரித்து, ஒரு பெரிய பெட்டியில் எல்லாவற்றையும் கலந்தே போட்டு எடுத்துவரலாம். எந்தப் பொருள் யாருக்கு என்று எடுக்கும்போது பார்க்கத் தேவையே இல்லை. பேக்கிங் மேசையில் ஒரு பொருளை எடுத்து ஸ்கேன் செய்ததும், அந்தப் பொருளைக் கேட்ட ஆர்டர்களில் ஒன்றின் முகவரிச் சீட்டைக் கணினி அச்சடித்துத் தரும். ஒட்டி அனுப்பிவிடலாம். 8 சந்துகளையும் பாம்புபோல வளைந்து முடித்து மேசைக்குத் திரும்ப 220 மீட்டர் ஆகும். 4 சுற்றுக்கு நடை 880 நொடி, எடுக்க 2,112 நொடி, தயாரிப்புக்குச் சுற்றுக்கு 60 நொடி. மொத்தம் 54 நிமிடத்தில் நாளின் பாதிக்கு மேற்பட்ட ஆர்டர்கள் முடிந்துவிடும்.

இரண்டாவது வகை பல வரி ஆர்டர்களுக்கு. இங்கே டிராலியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கூடை வேண்டும். மூன்று தட்டு, தட்டுக்கு 4 கூடை என 12 கூடை கொண்ட டிராலி தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொரு கூடையிலும் பெரிதாக ஒரு எண்ணும் பார்கோடும் இருக்க வேண்டும். சுற்றைத் தொடங்கும் முன் ஒவ்வொரு கூடையையும் ஓர் ஆர்டருடன் ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும். பிறகு கைக்கருவியின் திரையில் இடம், பொருள், எத்தனை, எந்தக் கூடை என்று ஒவ்வொரு வரியாக வரும். பொருளை ஸ்கேன் செய்து, போட வேண்டிய கூடையையும் ஸ்கேன் செய்து போட வேண்டும். சரியான கூடையைப் பார்த்துப் போட வரிக்கு 4 நொடி கூடுதலாகும். 144 ஆர்டருக்கு 12 சுற்று. நடை 2,640 நொடி, எடுத்துப் போட 6,912 நொடி, கூடைகளை இணைக்கச் சுற்றுக்கு 3 நிமிடம். மொத்தம் 3 மணி 15 நிமிடம்.

ஆக 12 மணி 30 நிமிடம் ஆன வேலை, 4 மணி 10 நிமிடத்துக்கு வந்துவிட்டது. இது காகிதக் கணக்கு. சந்தில் வழி மறிப்பது, காலியான இடம், அட்டைப்பெட்டியைக் கிழித்துத் திறப்பது எல்லாம் சேர்த்து, நடைமுறையில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் பாதிக்குக் கீழேதான் நிற்கும்.

இதைப் பார்த்ததும் 12 கூடை இவ்வளவு மிச்சம் தந்தால் 24 கூடை இரட்டிப்பாகத் தருமே என்று தோன்றும். தராது. பல வரி ஆர்டர்களின் நடையை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றாக எடுத்தால் 17,280 நொடி. 4 ஆர்டர் சேர்த்தால் சுற்றுக்கு 180 மீட்டர் என்று வைத்து 6,480 நொடி. 12 சேர்த்தால் 2,640. 24 சேர்த்தால் 1,320. முதல் படியிலேயே 3 மணி நேரம் மிச்சமாகிவிட்டது. 12-இலிருந்து 24-க்குப் போவதில் கிடைப்பது வெறும் 22 நிமிடம். 12 ஆர்டரிலேயே டிராலி எல்லாச் சந்துகளையும் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் ஆர்டரைச் சேர்ப்பதில் மிச்சம் பிடிக்க நடை அதிகமில்லை. மறுபுறம், 24 கூடை டிராலி சந்து முனையில் திரும்பாது, மேல் தட்டு கண்ணுக்கு மேலே போய்விடும், கூடை மாறிப் போடும் தவறும் ஏறும். பெரிய டிராலி வாங்கும் பணத்தில் இன்னொரு 12 கூடை டிராலியும் இன்னொரு ஸ்கேனரும் வாங்குவதே நல்லது.

பேட்ச் முறையின் சொந்தத் தவறு கூடை மாறுவது. 5-ஆம் கூடையில் போட வேண்டிய நீலச் சட்டை 6-இல் விழுந்துவிடும். இதை அடையாளம் காண ஒரு நல்ல தடயம் இருக்கிறது: புகார்கள் ஜோடியாக வரும். ஒருவர் "சட்டை வரவில்லை" என்பார், இன்னொருவர் "கேட்காத சட்டை ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது" என்பார். இரண்டு ஆர்டரும் ஒரே சுற்றில், அடுத்தடுத்த கூடைகளில் இருந்திருக்கும். அப்படி வந்தால் அது கூடை மாறிய தவறு. மாறாக, நடுத்தர அளவு கேட்டவருக்குப் பெரிய அளவு போய், ஜோடியாக எந்தப் புகாரும் வராவிட்டால், அது ரேக்கில் பக்கத்து இடத்திலிருந்து எடுத்த தவறு. முதலாவதற்குக் கூடையைக் கட்டாயமாக ஸ்கேன் செய்ய வைப்பதும், பேக்கிங் மேசையில் ஒவ்வொரு பொருளையும் மறுபடி ஸ்கேன் செய்வதும்தான் மருந்து. இரண்டாவதற்கு, ஒரே மாதிரி தெரியும் அளவுகளையும் நிறங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், இடையில் வேறொரு பொருளை வைத்துப் பிரிக்க வேண்டும். தடயத்தைப் பிரித்துப் பார்க்காமல் "கவனமாக எடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டும் நிற்காது.

இன்னொன்று, இருப்பு இல்லாத இடம். கணினி 3 இருக்கிறது என்கிறது, ரேக்கில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக எடுக்கும்போது அதில் ஒரு ஆர்டர்தான் நிற்கும். பேட்சில் அதே பொருளைக் கேட்ட மூன்று கூடைகள் ஒரே நேரத்தில் நிற்கும். பிக்கர் அங்கேயே தேடத் தொடங்கினால் 12 ஆர்டரும் அவருடன் சேர்ந்து நிற்கின்றன. எனவே விதி எளிமையாக இருக்க வேண்டும்: இல்லை என்று கருவியில் பதிந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போ. சுற்று முடிந்ததும் அந்தக் கூடைகள் மட்டும் ஒரு தனி ரேக்குக்குப் போகட்டும், தேடும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

வேவ்: கூரியர் வண்டியிலிருந்து பின்னோக்கி

பேட்ச் ஓடத் தொடங்கியதும் அடுத்த தொல்லை நேரம். 4 மணி நேர வேலைதான் இருக்கிறது, ஆனால் பகல் 1 மணிக்கு வந்த கூரியர் வண்டியில் போக வேண்டிய ஆர்டர்கள் இன்னும் ரேக்கில் இருக்கும், மாலை வண்டிக்குரியவை பேக்காகி மேசையில் அடுக்கியிருக்கும். வந்த வரிசைப்படி எடுத்தால் இப்படித்தான் ஆகும். வேவ் என்பது ஆர்டர்களைப் பிடித்துவைத்து, ஒரு வண்டிக்குப் போக வேண்டியவற்றை ஒரு அலையாகச் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வேலைக்கு விடுவது. அந்த அலைக்குள் எடுப்பது பேட்ச் முறையில்தான் நடக்கும்.

நேரத்தை எப்போதும் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். வண்டி 1:00 மணிக்கு வருகிறது. மூட்டை கட்டி, பட்டியல் சரிபார்த்து ஒப்படைக்க அரை மணி நேரம். ஆகவே பேக்கிங் 12:30-க்கு முடிய வேண்டும். இந்த அலையில் 120 ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங்கில் இருவர், சேர்ந்து மணிக்கு 80 ஆர்டர். 120-க்கு 90 நிமிடம். ஆக பேக்கிங் 11:00-க்குத் தொடங்க வேண்டும். 11:00-க்குத் தொடங்க அவர்கள் கையில் பொருள் இருக்க வேண்டும். ஒற்றைப் பொருள் ஆர்டர்கள் 66 இருக்கும். அவற்றை 33 வீதம் இரண்டு சுற்றாக எடுத்தால் ஒரு சுற்று 11 நிமிடத்தில் வந்துவிடும். பல வரி ஆர்டர் டிராலி வர 16 நிமிடம் ஆகும். அதனால் அலையை 10:45-க்கு விட்டு, ஒருவரை ஒற்றைப் பொருள் சுற்றுக்கும் மற்றவரைப் பல வரிச் சுற்றுக்கும் அனுப்ப வேண்டும். மேசைக்கு முதலில் வந்து சேரும் ஒற்றைப் பொருள் பெட்டியைக் கொண்டு பேக்கிங் உடனே தொடங்கிவிடும். வாடிக்கையாளருக்கு "10:30-க்குள் ஆர்டர் செய்தால் இன்றே அனுப்பப்படும்" என்று அறிவிக்கும் நேரம் இந்தக் கணக்கின் கடைசி வரியாகத்தான் வர வேண்டும். அதை முதலில் 12 மணி என்று அறிவித்துவிட்டுப் பிறகு கிடங்கை அதற்குள் ஓடவைக்கப் பார்ப்பது, தலைகீழ் வேலை.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 120 ஆர்டரையும் இரண்டு பிக்கர்கள் எடுத்துமுடிக்க ஏறக்குறைய 50 நிமிடம்தான் ஆகும். பேக்கிங்குக்கு 90 நிமிடம். ஆக இங்கே இறுகும் இடம் பேக்கிங். மூன்றாவது பிக்கரைச் சேர்த்தால் மேசை முன்னால் நிரம்பிய டிராலிகள் வரிசை கட்டி நிற்குமே தவிர, வண்டிக்கு ஒரு பெட்டியும் முன்னதாகப் போகாது. அதற்குப் பதில், 11:40-க்கு எடுத்து முடித்த பிக்கர்களில் ஒருவர் பேக்கிங் மேசைக்கு மாறினால் வேகம் மணிக்கு 120 ஆகிறது. அதுவரை 53 ஆர்டர் முடிந்திருக்கும். மீதி 67-க்கு 33 நிமிடம். 12:15-க்குள் அலை முடிந்துவிடும். கடைசி நேரத்தில் வந்த சில ஆர்டர்களை ஏற்க அந்த 15 நிமிடம் உதவும். புதிதாக ஆள் எடுக்கும் முன் இப்படி ஆளை இடம் மாற்றிப் பார்ப்பதைப் பல கிடங்குகள் செய்வதில்லை. செய்ய வேண்டும்.

வேவின் பெரிய நன்மை நேரம் மட்டுமல்ல. அலை தொடங்கும் முன்பே அதற்கு எது எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடுகிறது. கைக்கெட்டும் தட்டில் ஒரு பொருள் 6 தான் இருக்கிறது, அலைக்கு 14 வேண்டும் என்றால், 10:45-க்கு முன்பே மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி நிரப்பிவிடலாம். வந்த வரிசைப்படி எடுக்கும் கிடங்கில், ஏழாவது ஆர்டருக்குப் போகும் பிக்கர் காலித் தட்டைப் பார்த்து நிற்கும்போதுதான் இது தெரியவரும். அலையை விடும் முன் "தட்டில் உள்ளதைவிடத் தேவை அதிகம்" என்ற பட்டியலை எடுத்து நிரப்பிவிட்டு, பிறகு விடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஒவ்வோர் அலையின் தொடக்கத்தில் பேக்கிங் ஆட்கள் காத்திருப்பார்கள், முடிவில் பிக்கர்கள் காத்திருப்பார்கள். அலையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் இந்தக் காத்திருப்பு பெருகும், டிராலியும் முழுதாக நிரம்பாது. பெரிதாக்கினால், 200 ஆர்டர் அலை ஒன்றுக்குப் பேக்கிங்கே 2 மணி 30 நிமிடம் பிடிக்கும். இடையில் வந்த அவசர ஆர்டருக்கு வழியில்லாமல் போகும். இந்த அளவுள்ள கிடங்குக்கு, ஒரு வண்டிக்கு ஓர் அலை, அந்த அலைக்கு 60 முதல் 90 நிமிட பேக்கிங் வேலை என்பது ஏற்ற அளவு. அலை கடைசியில் எப்போதும் இரண்டு மூன்று ஆர்டர்கள் இழுத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அவை இருப்பு இல்லாத வரி கொண்டவை. அவற்றுக்காக அடுத்த அலையை நிறுத்திவைக்கக் கூடாது. தனி ரேக்குக்கு மாற்றிவிட்டு அலையை மூடிவிட வேண்டும். மற்றபடி, நாளுக்கு ஒரே ஒரு வண்டி, அதுவும் மாலையில்தான் என்றால், வேவ் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே தேவையில்லை. டிராலி நிரம்ப நிரம்ப விட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஜோன்: சந்துகள் நெரியும்போது

ஜோன் பிக்கிங்கில் கிடங்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை நிறுத்துகிறோம். அவர் அந்தப் பகுதியை விட்டு வெளியே போவதில்லை. இதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், இது கூடுதல் வேலையையும் கூடவே கொண்டுவருகிறது. ஒரு ஆர்டரின் பொருள்கள் இரண்டு பகுதியில் இருந்தால் யாரோ ஒருவர் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். நடை பெரிய சுமையாக இருக்கும்வரை பேட்சே அதைக் குறைத்துவிடும். ஜோன் தேவைப்படுவது வேறு இரண்டு நிலைகளில். ஒன்று, பொருள்களின் தன்மை வேறுபடும்போது. ஏணி வேண்டிய பெரிய பெட்டிகள், பூட்டிவைக்க வேண்டிய விலையுயர்ந்த பொருள்கள், குளிர் அறைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு முதல் நாளிலிருந்தே தனிப் பகுதி வேண்டும். மற்றொன்று, ஆட்கள் ஒருவரையொருவர் மறிக்கத் தொடங்கும்போது.

நம் மாதிரிக் கிடங்கு நாளுக்கு 1,000 ஆர்டருக்கு வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் 550 ஒற்றைப் பொருள் ஆர்டர், 450 பல வரி ஆர்டர், மொத்தம் 1,900 வரி. பல வரிகளுக்கு 38 சுற்று, ஒற்றைகளுக்கு 13 சுற்று. பேட்ச் கணக்கில் சுமார் 13 மணி நேர வேலை. வண்டிகளுக்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் அதை முடிக்க வேண்டுமானால் ஒரே நேரத்தில் 4 டிராலி ஓட வேண்டும். 4 கூடையை ஒரே வரிசையில் தாங்கும் டிராலி 1.2 மீட்டர் நீளமாவது இருக்கும். 1.5 மீட்டர் சந்தில் அதைக் குறுக்கே நிறுத்திப் பொருள் எடுத்தால் அடுத்தவர் கடக்க முடியாது. அதிகம் விற்கும் பொருள்கள் எல்லாம் முதல் இரண்டு சந்துகளில் இருந்தால், நான்கு டிராலியும் அங்கேயே சேர்ந்து நிற்கும்.

இந்த நெரிசல் உண்மையா என்பதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் பதிவைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனுக்கு இடையிலான நேரம், ஒரு டிராலி மட்டும் ஓடும்போது எவ்வளவு, நான்கு ஓடும்போது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். அதே சந்தில் அதே பொருளுக்கு அந்த நேரம் ஒன்றரை மடங்காகியிருந்தால் நெரிசல்தான். அப்போதும் உடனே ஜோனுக்குத் தாவாமல், சந்துகளை ஒருவழிப் பாதை ஆக்குவது, வேகமாக விற்கும் பொருளை இரண்டு இடத்தில் வைப்பது, சுற்றுகளை வெவ்வேறு முனையிலிருந்து தொடங்கவைப்பது என்ற மூன்றையும் செய்து பார்க்க வேண்டும். அதிலேயே சரியாகிவிட்டால் ஜோன் தேவைப்படாது.

சரியாகவில்லை, பிரிக்கத்தான் வேண்டும் என்றால், எங்கே கோடு போடுவது? சந்துகளை எண்ணி 4-க்கு 4 என்று பாதியாகப் பிரிப்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது. வரிகளில் 50 சதவீதம் முதல் இரண்டு சந்துகளிலிருந்து வருகிறது, 3 முதல் 5 வரையுள்ள சந்துகளில் ஒவ்வொன்றிலும் 10 சதவீதம், மீதி 20 சதவீதம் கடைசி மூன்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியாகப் பிரித்தால் முதல் பகுதிக்கு 70 சதவீதம், இரண்டாவதற்கு 30. இரண்டாமவர் வேலையில்லாமல் நிற்க, முதலாமவரிடம் டிராலி குவியும். சரி, வரிகளைச் சமமாகப் பிரிப்போம் என்று முதல் இரண்டு சந்து ஒரு பகுதி, மீதி ஆறு சந்து இன்னொரு பகுதி என்றால், வரி சமம்தான், நடை சமமில்லை. 36 வரி கொண்ட ஒரு டிராலிக்கு முதல் பகுதியில் 60 மீட்டர் நடையும் 18 வரியும் சேர்ந்து 348 நொடி. இரண்டாவதில் 170 மீட்டரும் 18 வரியும் சேர்ந்து 458 நொடி. மூன்றாவது சந்தையும் முதல் பகுதிக்குக் கொடுத்துப் பார்த்தால் 431-க்கு 375. இதுதான் நெருக்கமான பிரிப்பு. சமமாக்க வேண்டியது நேரத்தை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. ஒரு பொருள் திடீரென்று விற்கத் தொடங்கினால் இந்தச் சமம் குலைந்துவிடும் என்பதால், மாதம் ஒருமுறையாவது கணக்கை மறுபடி போட்டு, கோட்டை நகர்த்தவோ பொருளை இடம் மாற்றவோ வேண்டும்.

ஒன்றுசேர்க்கும் வழிகள் இரண்டு. கைமாற்றும் முறையில், முதல் பகுதிக்காரர் தன் வரிகளை எடுத்து முடித்து அதே டிராலியை எல்லையில் நிறுத்திவிடுவார், இரண்டாமவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டு தொடர்வார். கூடைகள் பிரியாமல் இருப்பதால் ஒன்றுசேர்க்கும் வேலை தனியாக இல்லை. எல்லையில் இரண்டு டிராலி நிற்க இடம் குறித்துவைக்க வேண்டும். இடமே இல்லாவிட்டால், ஒருவர் அரை நிமிடம் தாமதித்தாலும் மற்றவர் காத்து நிற்பார். இரண்டாவது முறையில் எல்லாப் பகுதியிலும் ஒரே நேரத்தில் எடுத்து, பல அறைகள் கொண்ட ஒரு ரேக்கில் ஆர்டர் வாரியாகச் சேர்ப்பார்கள். வேகம் அதிகம். ஆனால் அந்த ரேக்கை நிரப்ப ஓர் ஆள் வேண்டும், ஒவ்வொரு பொருளையும் இன்னொருமுறை கையால் தொட வேண்டும். இரண்டு பகுதி மட்டும் உள்ள கிடங்கு கைமாற்றும் முறையிலேயே தொடங்குவது நல்லது.

சேர்க்கும் ரேக் வைத்தவர்களுக்கு வரும் தொல்லை, அறைகள் பாதி நிறைந்தபடி தேங்குவது. ஒவ்வொரு பகுதியிலும் இருபதில் ஒரு கூடை தாமதமாகிறது என்று கொள்வோம். கேட்டால் சின்னக் குறையாகத் தெரியும். மூன்று பகுதியிலும் பொருள் உள்ள ஆர்டர் தாமதமில்லாமல் சேர, மூன்றுமே நேரத்துக்கு வர வேண்டும். 0.95-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.86. அதாவது ஏழில் ஒரு ஆர்டர் அறையில் காத்திருக்கும். அறைகள் அடைபட்டால் புதிய ஆர்டருக்கு இடமில்லை, எடுத்துவந்த பொருள்கள் தரையில் நிற்கும். ரேக்கில் அரை மணி நேரத்துக்கு மேல் நிறையாமல் இருக்கும் அறைகளை மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஏறினால், எந்தப் பகுதியின் பொருளுக்காக அவை காத்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே பகுதியாக இருக்கும். அங்கே ஆள் போதவில்லையா, தட்டு நிரப்பப்படவில்லையா என்று பார்த்துத் தீர்க்க வேண்டும். கூடவே, சேர்ந்து வாங்கப்படும் பொருள்களை ஒரே பகுதிக்குள் கொண்டுவந்தால் பகுதி தாண்டும் ஆர்டர்களே குறையும். கைபேசி உறையும் அதன் திரைக்காப்பும் வெவ்வேறு பகுதியில் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

ஜோன் வந்த பிறகும் ஒற்றைப் பொருள் ஆர்டர்களை அந்தச் சுற்றில் கலக்க வேண்டாம். அவற்றுக்கு எதையும் ஒன்றுசேர்க்கத் தேவையில்லை. பகுதி வாரியாகத் தனிப் பெட்டியில் எடுத்து நேராக மேசைக்கு அனுப்பினால் போதும். வேவை விடும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓர் அலையின் வேலை எல்லாப் பகுதியிலும் ஒரே நேரத்தில் முடியும்படி ஆர்டர்களைக் கலந்து விட வேண்டும். ஒரே பொருளுக்குச் சலுகை அறிவித்த நாளில் அந்த ஆர்டர்களை எல்லாம் ஒரே அலையில் விட்டால் ஒரு பகுதி திணறும், மற்றது சும்மா இருக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து, அந்தப் பொருளை மொத்தமாக மேசைக்குப் பக்கத்திலேயே இறக்கிவைத்துப் பேக் செய்துவிடலாம்.

ஆர்டர் குறைவாக வரும் நாட்களில் கோட்டை எடுத்துவிடுங்கள். 300 ஆர்டர் நாளில் இரண்டு பகுதிக்கு இரண்டு பேர் நிற்பதைவிட, ஒருவர் முழுச் சுற்றும் போய்வந்து, மற்றவர் பேக்கிங்கில் நிற்பது வேகமாக முடியும். மென்பொருளில் இரண்டு பகுதியையும் ஒன்றாக்கும் அமைப்பு எங்கே இருக்கிறது என்பதும், எத்தனை ஆர்டருக்குக் கீழே போனால் ஒன்றாக்க வேண்டும் என்பதும் காலை வேலையைப் பிரித்துக்கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.